மெகஸ்தனிஸ் மதுரைக்கு வந்தாரா?

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மெகஸ்தனிஸ் என்ற கிரேக்கத் தூதர் மதுரைக்கு வந்தார், இந்த நகரை ‘மெதோரா’ என்று தம் நூலில் எழுதினார் என்ற செய்தியை, மதுரையைப் பற்றிப் படிக்கும் எவரும் எங்காவது ஓரிடத்தில் சந்தித்திருப்பார்கள். சுற்றுலாக் கையேடுகளில் அது இருக்கிறது. விழா மலர்களில் இருக்கிறது. நிலத்தடி நீர், நகரப் போக்குவரத்து என்று வரலாற்றோடு நேரடித் தொடர்பில்லாத துறைகளின் ஆய்வேடுகளிலும், ‘ஆய்வுப் பகுதி’ என்ற இயலின் முதல் பத்தியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூடவே அடைப்புக்குறிக்குள் ஓர் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இருக்கும். அந்த ஆசிரியரின் கட்டுரையைத் தேடிப் போனால் அங்கே இன்னொரு பெயர் இருக்கும். அதைத் தேடிப் போனால் மற்றொன்று.

இப்படியே போய்ச் சேரும் மூலத்தில், மெகஸ்தனிஸ் மதுரைக்கு வந்ததாக ஒரு வரிகூடக் கிடையாது. மெதோரா என்ற ஊர் அங்கே உண்டு. ஆனால் அது வைகைக் கரை மதுரை இல்லை, யமுனைக் கரை மதுரா.

தவறான கூற்று ஒன்று, அல்லது ஆதாரமே இல்லாத கூற்று ஒன்று, ஒருவரின் அடிக்குறிப்பை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போடுவதால் பரவிக்கொண்டே போவதும், தவறு என்று காட்டிய பிறகும் சாகாமல் நடமாடுவதும் எல்லாத் துறைகளிலும் நடக்கிறது. ஆங்கிலத்தில் இதை ‘ஜாம்பி மேற்கோள்’ என்கிறார்கள். மருத்துவத்திலும் இயற்பியலிலும் இதற்குப் பெரிய உதாரணங்கள் உண்டு. ஆனால் மதுரைக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை இல்லை. நம் ஊரைப் பற்றிய இந்த ஒற்றை வாக்கியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தாலே, ஒரு பொய் மேற்கோள் எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, ஏன் சாக மறுக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

முதலில் கவனிக்க வேண்டியது, மெகஸ்தனிஸ் எழுதிய ‘இண்டிகா’ இன்று இல்லை என்பது. முழு நூலும் அழிந்துவிட்டது. அதிலிருந்து பிற்காலக் கிரேக்க, லத்தீன் ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகள் மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கின்றன. ஸ்ட்ரேபோ, டியோடோரஸ், பிளினி, அரியன் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். இந்தச் சிதறல்களையெல்லாம் ஷ்வான்பெக் என்ற ஜெர்மன் அறிஞர் ஒன்றாகத் திரட்டி 1846இல் வெளியிட்டார். அதைப் பட்னா அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்த மெக்ரிண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1877இல் நூலாக்கினார். இந்தியாவில் மெகஸ்தனிஸை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர், தெரிந்தோ தெரியாமலோ, மெக்ரிண்டிலின் தோளில் நின்றுதான் பேசுகிறார்கள்.

ஆகவே ஒரு கட்டுரையின் துணைநூற்பட்டியலில் ‘மெகஸ்தனிஸ், இண்டிகா’ என்று மட்டும் இருந்து, அரியனோ ஸ்ட்ரேபோவோ மெக்ரிண்டிலோ இல்லாவிட்டால், அதை எழுதியவர் அந்த நூலைப் பார்க்கவில்லை என்று தயங்காமல் முடிவு செய்யலாம். இல்லாத நூலை யாரும் பார்த்திருக்க முடியாது. இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. மெகஸ்தனிஸுக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அரியன் எழுதிய நூலின் பெயரும் ‘இண்டிகா’தான். அது நமக்குக் கிடைத்திருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால், கிடைத்த நூலின் இயல் எண்ணை அழிந்த நூலின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

மெதோரா வருவது அரியனின் இண்டிகாவில், எட்டாம் இயலில். இந்தியர்கள் ‘ஹெராக்ளிஸ்’ என்று ஒருவரை வணங்குகிறார்கள், அவரைத் தங்கள் மண்ணில் பிறந்தவர் என்கிறார்கள் என்று மெகஸ்தனிஸ் சொன்னதாக அரியன் எழுதுகிறார். அந்த ஹெராக்ளிஸைச் சிறப்பாகப் போற்றுபவர்கள் ‘சௌரசேனோய்’ என்ற இனத்தார். அவர்களுக்கு மெதோரா, கிளைசோபோரா என்று இரண்டு பெரிய நகரங்கள் உண்டு. அவர்கள் நாட்டின் வழியே ‘ஐயோபாரெஸ்’ என்ற, படகு செல்லக்கூடிய ஆறு ஓடுகிறது. மெதோராவைப் பற்றி அந்தப் பகுதியில் உள்ள செய்தி இவ்வளவுதான்.

சௌரசேனோய் என்பவர்கள் சூரசேனர்கள். பழைய வடஇந்தியாவின் பதினாறு பெரும் நாடுகளில் ஒன்றான சூரசேனத்தின் தலைநகர் மதுரா. அங்கே போற்றப்பட்ட ஹெராக்ளிஸைக் கண்ணன் என்றே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கொள்கிறார்கள். இதில் யாருக்காவது ஐயம் இருந்தால் பிளினி அதைத் தீர்த்து வைக்கிறார். ‘ஐயோமனெஸ்’ என்ற ஆறு மெதோரா, கரிசோபோரா என்ற ஊர்களுக்கு நடுவே ஓடிக் கங்கையில் கலக்கிறது என்று தம் ஆறாம் நூலில் அவர் எழுதியிருக்கிறார். கங்கையில் கலக்கும் ஆற்றின் கரையில் இருக்கும் ஊர் நம் ஊராக இருக்க முடியாது. கோடையில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேலிருந்து வைகையைப் பார்த்தவர்களுக்கு, ‘படகு செல்லக்கூடிய ஆறு’ என்ற அரியனின் சொல்லே போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்கும்.

இனி, மெகஸ்தனிஸ் தென்னாட்டுக்கு வந்தாரா என்ற கேள்வி. அரியனே இதற்கு இரண்டு இடங்களில் விளக்கம் தருகிறார். மெகஸ்தனிஸ் அரகோசியா மாகாணத்தின், அதாவது இன்றைய காந்தஹார்ப் பகுதியின், ஆளுநரான சிபிர்டியஸிடம் இருந்தார், அங்கிருந்து சந்திரகுப்தனின் அவைக்குப் பல முறை போனார் என்பது ஒன்று. மற்றது இண்டிகாவின் ஐந்தாம் இயலில் இருக்கிறது. மெகஸ்தனிஸ்கூட இந்தியாவில் அதிகப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை, அலெக்சாந்தரோடு வந்தவர்களைவிடக் கூடுதலாகப் பார்த்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம் என்கிறார் அரியன். மெதோரா வரும் இடத்துக்கு மூன்று இயல் முன்னால், அதே நூலில், அதே ஆசிரியர் எழுதிய எச்சரிக்கை இது. எட்டாம் இயலை மேற்கோள் காட்டும் ஒருவர் நூலை உண்மையில் திறந்திருந்தால், இதைக் கண்ணில் படாமல் தாண்டியிருக்க முடியாது.

ஆனாலும் இந்தத் தவறை வெறும் பெயர்க் குழப்பம் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. பொய் மேற்கோள்களில் நீண்ட நாள் வாழ்பவற்றுக்கு எப்போதும் உண்மையான ஒரு பக்கத்து வீடு இருக்கும். மெதோராவுக்கு அப்படிப்பட்ட பக்கத்து வீடு ‘பண்டையா’.

அதே எட்டாம் இயலில், மெதோராவைச் சொன்ன கையோடு, ஹெராக்ளிஸின் மகள் கதையை அரியன் சொல்கிறார். ஹெராக்ளிஸுக்கு ஆண் மக்கள் பலர், பெண் ஒருத்திதான். அவள் பெயர் பண்டையா. அவள் பிறந்து, அரசாளும்படி தந்தை கொடுத்த நாட்டுக்கும் அவள் பெயரே வந்தது. 500 யானைகளையும், 4,000 குதிரை வீரர்களையும், ஏறத்தாழ 1,30,000 காலாட்களையும் தந்தை அவளுக்குக் கொடுத்தார். இதைத் தொடர்ந்து, மகளை அணி செய்ய ஹெராக்ளிஸ் கடலிலிருந்து முத்து எடுத்து வந்த கதை வருகிறது. முத்துக்கு இந்தியாவில் எடைக்கு மூன்று பங்கு பொன் விலை என்ற செய்தியும் வருகிறது.

பெயரிலேயே பாண்டியர் இருக்கிறார்கள், முத்தும் இருக்கிறது. பாலியீனஸ் என்ற இன்னொரு கிரேக்க ஆசிரியர் இந்த மகளின் நாடு இந்தியாவின் தென்பகுதியில், கடல் வரை பரந்திருந்தது என்று தெளிவாகவே எழுதுகிறார். அந்நாட்டில் 365 ஊர்கள் இருந்தன, நாளுக்கு ஓர் ஊர் என்று முறை வைத்து அரசுக்கு இறை செலுத்தின என்றும் அவர் சொல்கிறார். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மதுரை ஆயர் வீடுகள் முறை வைத்து அரண்மனைக்கு நெய் அளப்பதை இதோடு வரலாற்றாசிரியர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். பெண் அரசி, தந்தையிடமிருந்து பெற்ற நாடு என்ற கூறுகளைத் தடாதகைப் பிராட்டியின் கதையோடு, அதாவது நம் மீனாட்சியின் கதையோடு, சேர்த்துப் படித்தவர்களும் உண்டு. இவையெல்லாம் விவாதத்துக்குரிய, ஆனால் மதிப்புள்ள ஒப்பீடுகள். மெகஸ்தனிஸின் காதுக்குப் பாண்டிய நாட்டைப் பற்றி ஏதோ ஒரு செய்தி எட்டியிருக்கிறது என்று சொல்ல இவை இடம் தருகின்றன.

இங்கேதான் தவறு பிறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே இயலில், சில வரி இடைவெளியில், ‘மெதோரா’வும் ‘பண்டையா’வும் வருகின்றன. முழுப் பகுதியையும் படித்தால், முதலாவது சூரசேனர்களின் ஊர், இரண்டாவது வேறொரு நாடு என்று தெளிவாகத் தெரியும். படிக்காமல் குறிப்பாக மட்டும் எடுத்தால், ‘மெகஸ்தனிஸ், பாண்டிய நாடு, மெதோரா’ என்று மூன்று சொற்கள் ஒட்டிக்கொள்ளும். பாண்டிய நாட்டோடு ஒட்டிய மெதோராவை மதுரை என்று படிப்பது அடுத்த படி. ஊரின் பெயரை எழுதியவர் ஊருக்கு வந்திருப்பார் என்று கொள்வது அதற்கடுத்த படி. ‘கேள்விப்பட்டிருக்கலாம்’ என்ற ஒரு நியாயமான ஊகம், இப்படிப் படிப்படியாக ‘வந்தார்’ என்ற வினைமுற்றாக இறுகிவிட்டது.

அதன் பிறகு ஆண்டும் வந்து சேர்ந்தது. சிலர் கி.மு. 302 என்று துல்லியமாகவே எழுதுகிறார்கள். செலூக்கஸுக்கும் சந்திரகுப்தனுக்கும் உடன்படிக்கை ஏற்பட்ட பின், மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்துக்குத் தூது போனதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டை ஒட்டியது அது. பாடலிபுத்திரத்தின் ஆண்டைத் தூக்கி மதுரையில் வைத்திருக்கிறார்கள். ஆண்டு இருந்தால் வாக்கியத்துக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. படிப்பவர், இவ்வளவு துல்லியமாகச் சொல்பவர் எங்கோ பார்த்துத்தான் சொல்கிறார் என்று நம்புகிறார்.

மெகஸ்தனிஸ் தனியாகவும் வருவதில்லை. மதுரைக்கு வந்த வெளிநாட்டார் என்ற பட்டியலின் தலைப்பேராக வருவார். அடுத்து பிளினி கி.பி. 77இல் வந்தார், தாலமி 140இல் வந்தார், இபன் பதூதா 1333இல் வந்தார் என்று பட்டியல் போகும். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் படியெடுத்தவர்களின் கைரேகை இதில்தான் பதிந்திருக்கிறது.

பிளினி இந்தியாவுக்கே வந்தவர் இல்லை. கி.பி. 77 என்பது அவர் தம் ‘இயற்கை வரலாறு’ நூலை டைட்டஸுக்குக் காணிக்கையாக்கிய ஆண்டு. தாலமி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு, மாலுமிகளும் வணிகர்களும் சொன்னவற்றையும் முந்தைய நூல்களையும் வைத்து நில அளவைகளைத் தொகுத்தவர். மதுரையைப் பற்றி எழுதிய ஆண்டு, மதுரைக்கு வந்த ஆண்டாக மாறியிருக்கிறது.

இபன் பதூதா வழக்கு இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அவர் உண்மையாகவே வந்தார். மாலத்தீவிலிருந்து இலங்கை போய், அங்கிருந்து மாபார் கரைக்கு வந்து, மதுரைச் சுல்தான் கியாசுத்தீனிடம் தங்கினார். அவர் ‘முத்ரா’ என்று எழுதும் மதுரையில் அப்போது ஒரு கொள்ளை நோய் பரவியிருந்தது. சுல்தானின் குடும்பத்தாரும் பிறகு சுல்தானும் இறந்தார்கள். இபன் பதூதாவுக்கும் கடும் காய்ச்சல் கண்டது. அந்த ஊரில் ஏராளமாகக் கிடைத்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் அளவு கரைத்துக் குடித்து, வயிறு போய், மூன்று நாளில் தேறியதாக எழுதியிருக்கிறார். இது கண்ணால் கண்டவர், உடம்பால் பட்டவர் எழுத்து. ஆனால் இது நடந்தது 1344ஐ ஒட்டி. 1333 என்பது அவர் சிந்து நதியை அடைந்து இந்திய மண்ணில் கால் வைத்த ஆண்டு. டெல்லியில் காஜியாக இருந்த காலமும் மாலத்தீவுக் காலமும் நடுவில் கிடக்கின்றன. யாரோ ஒருவர் ‘இந்தியாவுக்கு வந்தது 1333’ என்ற குறிப்பைப் பார்த்து மதுரைக்குப் போட்டுவிட்டார். அடுத்து வந்தவர்கள் அதே எண்ணைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

தவறான எண் ஒன்று இப்படி உதவுவது தற்செயல் இல்லை. சரியான செய்தியைப் பத்துப் பேர் எழுதினால், பத்துப் பேரும் தனித்தனியே மூலத்தைப் பார்த்திருக்கலாம். ஒரே தவறைப் பத்துப் பேர் எழுதினால், ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார்கள் என்றுதான் பொருள். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் இதையே ஓர் அளவுகோலாக ஆக்கினார்கள். 1973இல் வெளியான புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையைக் குறிப்பிட்ட 4,300 மேற்கோள்களை எடுத்துப் பார்த்தார்கள். தொகுதி எண், பக்க எண், ஆண்டு ஆகியவற்றில் பிழையுள்ளவை 196. ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. ஒரே ஒரு பிழை மட்டும் 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. 78 பேர் தனித்தனியே அச்சுப் பிழை செய்து ஒரே எண்ணில் வந்து நிற்க வாய்ப்பில்லை. இந்த விகிதத்தை வைத்து, மேற்கோள் காட்டுபவர்களில் மூலத்தைப் படிப்பவர்கள் ஐந்தில் ஒருவர் அளவே என்று அவர்கள் கணித்தார்கள். இந்தக் கணிப்புக்கு வரம்பு உண்டு. நூலைப் படித்தவரும் சோம்பலில் குறிப்பை மட்டும் இன்னொருவரிடமிருந்து எடுத்திருக்கலாம். ஆனாலும் ஒரு பிழையின் வழித்தடத்தைப் பின்தொடரும் முறை செல்லுபடியாகும். மதுரைப் பட்டியலில் 1333ஐப் பார்த்தால், அந்த எழுத்தாளர் இபன் பதூதாவைத் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அவர் பட்டியலில் உள்ள மெகஸ்தனிஸையும் அதே ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இது வரலாற்றுக் குறிப்புதானே, யாருக்கு என்ன நட்டம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இதே வழிமுறை மருத்துவத்தில் வேலை செய்தபோது என்ன ஆயிற்று என்பதைச் சொன்னால்தான் அதற்குப் பதில் ஆகும். 1980இல் அமெரிக்காவின் ஒரு முன்னணி மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு வாசகர் கடிதம் வெளிவந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது அபின் வகை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளின் பதிவுகளில், அடிமையானவர்கள் என்று நன்கு பதிவானவர்கள் நால்வர்தான் என்றது அந்தக் கடிதம். மருத்துவமனைக்குள், கண்காணிப்பில், மருந்து பெற்றவர்களைப் பற்றிய சிறு குறிப்பு அது. வீட்டில் மாதக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. 2017இல் அதே இதழில் வந்த ஓர் ஆய்வு, அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளைப் பரிசீலித்தது. 439 கட்டுரைகள், அதாவது நூற்றுக்கு எழுபதுக்கு மேல், அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தன. நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டவை 491. அமெரிக்காவில் அபின் வகை மாத்திரைகள் தாராளமாக எழுதப்பட்டதற்குத் தைரியம் கொடுத்தவற்றில் இந்தப் பொய்யான பலமும் ஒன்று. கடிதம் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அரியனும் பொய் சொல்லவில்லை. மூலத்தில் இருந்த நிபந்தனை, படியெடுக்கும் வழியில் கழன்று விழுந்துவிட்டது.

மதுரை வாக்கியம் ஏன் எந்தச் சோதனையிலும் மாட்டாமல் தப்பிக்கிறது என்பதற்கு நம் ஆய்வேடுகளின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. நிலத்தடி நீர் ஆய்வேட்டைப் பரிசோதிப்பவர் நீரியல் படித்தவர். அவர் கண் கிணற்று அளவுகளிலும் உப்புத்தன்மைப் பட்டியல்களிலும் இருக்கும். ஆய்வுப் பகுதியின் வரலாற்றைச் சொல்லும் முதல் பத்தி, முந்தைய ஆய்வேட்டிலிருந்து அடுத்ததற்கு நகர்வது எல்லோருக்கும் தெரியும், யாரும் தடுப்பதில்லை. வாய்மொழித் தேர்வில் மெகஸ்தனிஸைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆய்வேடு ஏற்கப்பட்டதும் அந்த வாக்கியத்துக்கும் ஏற்பு கிடைத்துவிடுகிறது. பிறகு சுற்றுலாத் துறை ஆய்வு மாணவர் ஒருவர் அந்த ஆய்வேட்டையே சான்றாகக் காட்டுவார். அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர் நீரியல்காரருடையது என்பது படிப்பவருக்குத் தெரியாது. மாணவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சரிபார்க்க யாரும் இல்லாத ஓர் இயலைக் கட்டாயமாக எழுதச் சொல்லும் வழக்கத்தைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

அண்மைக்காலமாகச் சில இடங்களில் ஒரு திருத்தம் ஒட்டப்படுகிறது. மெகஸ்தனிஸ் மதுரைக்கு வந்திருக்கலாம், ஆனால் மெதோரா என்பது வடமதுரா என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள் என்று எழுதுகிறார்கள். இது நேர்மையான முயற்சிபோலத் தெரிந்தாலும், என் பார்வையில் தவறை வேறொரு வகையில் காப்பாற்றுகிறது. இரு தரப்பும் சம பலத்தோடு மோதுவதாக ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. இங்கே தரப்பு என்று எதுவும் இல்லை. இனத்தின் பெயர், ஆற்றின் பெயர், அந்த ஆறு கலக்கும் நதி, பயணம் பற்றிய அரியனின் குறிப்பு என நான்கும் ஒரே பக்கம் நிற்கின்றன. மறுபக்கம் நிற்பது ஒலி ஒற்றுமை மட்டுமே. அறிஞர்கள் இன்னும் விவாதிக்க வேண்டிய கேள்வி பண்டையாவைப் பற்றியது, மெதோராவைப் பற்றியது இல்லை.

மதுரையின் பழமைக்கு மெகஸ்தனிஸின் துணை தேவைப்படுகிறதா என்றால், துளியும் இல்லை. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே பெயர் சொல்கிறது. மதுரையிலிருந்து தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கீழடியில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிம மாதிரி கி.மு. 580ஐக் காட்டியதாகத் தமிழக அரசின் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மதுரைக்கு வடக்கே அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழ்-பிராமி எழுத்தில் உப்பு வணிகர், கொழு வணிகர் என்று பல தொழிலாளரின் கொடைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் பொன்தொழில் செய்த ஒருவரின் ஊரை ‘மதிரை’ என்று ஐராவதம் மகாதேவன் படித்தார். அந்தக் கல்வெட்டுகளுக்கு அவர் தந்த காலம் கி.மு. முதல் நூற்றாண்டு. ஒரு வெளிநாட்டார் கேள்விப்பட்டு எழுதியதைவிட, இந்த ஊர்க்காரர் ஒருவர் தன் ஊர்ப் பெயரோடு கல்லில் நிற்பது எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. ஆய்வேடுகளின் முதல் பத்தியில் அவர் வருவதில்லை.

கிரேக்க, ரோமானியச் சான்றுதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. பட்டியலில் ‘வந்தார்’ என்று தவறாக எழுதப்படும் அதே பிளினி, துறைமுகத்திலிருந்து வெகு தூரம் உள்ளே ‘மொதுரா’ என்ற நகரில் பாண்டியன் ஆண்டுவந்தான் என்று எழுதியிருக்கிறார். தாலமி ஒரு படி மேலே போய், இரண்டு ஊர்களையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறார். ஒன்று ‘தெய்வங்களின் மொதௌரா’, யமுனைக் கரையில் இருப்பது. மற்றது ‘மொதௌரா, பாண்டியனின் தலைநகர்’. இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. மதுரை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மேற்குலகக் குறிப்புகளைப் பிளினியிலிருந்து தொடங்குவதே சரி.

கடைசியாக, ஆய்வேடுகளின் இதே முதல் பத்தியில் அடிக்கடி இடம்பெறும் இன்னொரு பெயர், கௌடில்யர். அர்த்தசாஸ்திரம் மதுரையைக் குறிப்பிடுகிறது என்ற கூற்றை மெகஸ்தனிஸ் கூற்றோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இரண்டாம் அதிகரணத்தின் பதினோராம் இயலில் முத்து விளையும் இடங்களில் ‘பாண்டியகவாடகம்’ வருகிறது. அது பாண்டிய நாட்டைக் குறிக்கிறது என்பதில் ஐயமில்லை. அதே இயலில் சிறந்த பருத்தித் துணி எங்கெங்கே கிடைக்கும் என்று சொல்லும்போது ‘மாதுரம்’ என்று ஓர் ஊர்வழிப் பெயர் வருகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் பலர் இதைத் தென்மதுரை என்று கொள்கிறார்கள். வடமதுராவாக இருக்கவும் இடமுண்டு. கூடவே வரும் பெயர்களைப் பார்த்தால் அபராந்தம், கலிங்கம், காசி, வங்கம், வத்சம், மாகிஷம் என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வருகின்றன, ஆகவே பட்டியலின் போக்கை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆறும் இல்லை, இனப் பெயரும் இல்லை. நூலின் இன்றைய வடிவம் மௌரியர் காலத்துக்குப் பிந்தியது என்று கருதும் ஆய்வாளர்களும் இருப்பதால், காலத்தையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆய்வேட்டில் இதை எழுதுகிறவர் இயல் எண்ணோடு, ‘தென்மதுரை என்று கொள்ளப்படுகிறது, உறுதியில்லை’ என்று எழுதலாம். அந்த ‘உறுதியில்லை’ என்ற சொல்லை அடுத்தவர் வெட்டாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.